தொழில் கடன் குறித்துப் பேச நேரம் கேட்டுக் கிளை மேலாளருக்குக் கடிதம்

நாள்: 12.11.2025

அனுப்புநர்
ச. செல்வராணி,
நிர்வாகக் கூட்டாளி,
அட்டைப் பெட்டித் தயாரிப்புக் கூட்டு நிறுவனம்.
(நடப்புக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்: 4172)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்.

பொருள்: இயந்திரம் வாங்கவும் நடைமுறை மூலதனத்துக்கும் கடன் கேட்பது பற்றி நேரில் பேச நேரம் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் ஒன்பது ஆண்டுகளாக நடப்புக் கணக்கு வைத்திருக்கும் அட்டைப் பெட்டித் தயாரிப்பாளர்கள் நாங்கள். நானும் என் தம்பியும் கூட்டாளிகள். கணக்கு, வசூல், வாடிக்கையாளர் எல்லாம் என் பொறுப்பு. பட்டறையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். தாங்கள் இக்கிளைக்குப் பொறுப்பேற்ற பிறகு நாம் இன்னும் நேரில் பேசவில்லை. சென்ற மாதம் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் தங்கள் அறை வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். நின்ற நிலையில் ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயம் இது இல்லை என்பதால் திரும்பிவிட்டேன். அதனால்தான் முன்கூட்டியே எழுதிக் கேட்கிறேன்: நாற்பது நிமிடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

நவம்பர் 19 புதன், 20 வியாழன், 24 திங்கள் ஆகிய மூன்று நாட்களில் எதுவானாலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் எங்களுக்கு வசதி. காலையில் பட்டறையிலிருந்து வண்டி ஏற்றி அனுப்பும் வேலை இருக்கும். இந்த நாட்கள் தங்களுக்கு ஒத்துவராவிட்டால் தாங்கள் சொல்லும் நாளில் வருகிறோம். மாதக் கடைசி நாட்களில் கிளையில் இருக்கும் நெரிசல் தெரிந்துதான் அவற்றைத் தவிர்த்தேன். ஒரு கெடு மட்டும் உண்டு. இயந்திரத்துக்கு விற்பனையாளர் கொடுத்திருக்கும் விலைப்புள்ளி டிசம்பர் 15 வரைதான் செல்லும்.

கேட்க நினைப்பது இரண்டு கடன்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் பேச விரும்புகிறேன்.

முதலாவது, இயந்திரத்துக்கான காலக் கடன். இப்போது எங்களிடம் அட்டையில் அச்சடிப்பது ஓர் இடம், மடிப்புக் கோடு போட்டு மூலை வெட்டுவது இன்னோர் இடம். ஒரே அட்டையை மூன்று பேர் இரண்டு தடவை தூக்கி வைக்கிறார்கள். தூக்கும்போது மூலை நசுங்கிக் கழிவாகப் போவதும் உண்டு. புதிய இயந்திரம் இந்த வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். இயந்திரம், பொருத்தும் செலவு, மின் இணைப்பு மாற்றம் எல்லாம் சேர்த்து 20 லட்சம் ஆகிறது. அதில் 5 லட்சம் எங்கள் கைப்பணம். தங்கள் வங்கியிலேயே வைப்பாக இருக்கிறது. மீதி 15 லட்சத்தை ஐந்து ஆண்டுத் தவணையில் கேட்கிறோம். இயந்திரம் வந்து, ஆட்கள் பழகி, முழு உற்பத்தி கிடைக்கச் சில மாதங்கள் ஆகும். ஆகவே முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டி, அசலை அதன் பிறகு தொடங்க முடியுமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது, நடைமுறை மூலதனத்துக்கு 10 லட்சம் வரம்புள்ள கேஷ் கிரெடிட். காகிதச் சுருள் வாங்கினால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். சுருள் இருப்பாகக் கிடந்து பெட்டியாகி வெளியே போக ஏறத்தாழ 20 நாள். பெட்டி வாங்கியவர்கள் பணம் தர 60 நாள். ஆக, கொடுத்த பணம் கைக்குத் திரும்பி வர 65 நாள் இடைவெளி விழுகிறது. மாதம் 12 லட்சம் செலவு என்று வைத்தால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டிருப்பது 26 லட்சம். அதில் 16 லட்சம் எங்கள் பணம். மிச்சத்துக்குக் காகித வியாபாரியிடம் தவணை சொல்லியும், வந்த ஆர்டர்களில் சிலவற்றை வேண்டாம் என்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். லாபம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரத்தில்தான் கைப்பெட்டி காலியாக இருக்கிறது.

அப்படி வேண்டாம் என்று சொன்ன ஆர்டர்களை ஏப்ரல் மாதத்திலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: யார் கேட்டார்கள், எத்தனை பெட்டி, எத்தனை அடுக்கு அட்டை, ஏன் மறுத்தோம். இதுவரை பதினொன்று. ஏழு ஆர்டர்கள் இயந்திரம் போதாமல் போனவை, நான்கு பணம் போதாமல் போனவை. கடன் வந்தால் விற்பனை கூடும் என்று திட்ட அறிக்கையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த நோட்டை அறிக்கைக்கு முன்னால் தாங்கள் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சந்திப்புக்குக் கொண்டு வரும் ஆவணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். அசல் எல்லாம் கையில் இருக்கும். கையொப்பமிட்ட நகல் ஒரு தொகுப்பு தங்களிடம் கொடுக்க.

1. கூட்டாண்மைப் பத்திரம், நிறுவனத்தின் பதிவுச் சான்று, தொழில் உரிமம். உரிமம் சென்ற மாதம்தான் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்த ரசீதும் உண்டு.

2. கூட்டாளிகள் இருவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள். தம்பி வீடு மாறியிருக்கிறான். வங்கியில் இருக்கும் அவனுடைய முகவரி பழையது. அதே நாளில் மாற்றிக்கொள்ளப் புதிய சான்றையும் எடுத்து வருவான்.

3. கடந்த மூன்று ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்பு, லாப நஷ்டக் கணக்கு, ஆடிட்டர் கையொப்பமிட்டவை. நடப்பு ஆண்டில் அக்டோபர் வரையிலான தற்காலிகக் கணக்கு தனியாக.

4. அதே மூன்று ஆண்டுகளுக்கு நிறுவனமும் நாங்கள் இருவரும் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்குகள்; கடந்த 12 மாத ஜிஎஸ்டி கணக்குகள்.

5. வேறொரு வங்கியில் இருக்கும் எங்கள் இன்னொரு கணக்கின் 12 மாத அறிக்கை. இங்குள்ள கணக்கு தங்கள் திரையிலேயே தெரியும்.

6. வாகனக் கடனின் தவணை அறிக்கை. இன்னும் எட்டுத் தவணைகள் பாக்கி.

7. இயந்திரத்தின் விலைப்புள்ளி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இருவரிடம் வாங்கிய விலைப்புள்ளிகள். நாங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றில் விலை குறைந்தது இல்லை. உதிரிப் பாகம் கிடைப்பதையும் பழுது பார்க்க ஆள் வருவதையும் விசாரித்த பிறகே முடிவு செய்தோம். காரணத்தைத் தம்பி விளக்குவான்.

8. திட்ட அறிக்கை, ஐந்து ஆண்டுகளுக்கான வரவு செலவு மதிப்பீட்டுடன். விற்பனை நாங்கள் எதிர்பார்த்ததில் முக்கால் பங்குதான் வந்தால் தவணை கட்ட முடியுமா என்று ஒரு பக்கம் தனியாகப் போட்டிருக்கிறோம்.

9. வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு ஆகியவற்றின் பட்டியல்கள், அக்டோபர் 31 நிலவரப்படி. 90 நாளைத் தாண்டிய பாக்கியைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

10. பட்டறையின் வாடகை ஒப்பந்தம், கடைசி ஆறு மாத மின் கட்டண ரசீதுகள். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று ஆண்டுதான் இருக்கிறது. கடனோ ஐந்து ஆண்டு. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சம்மதம் என்று இட உரிமையாளரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்.

11. பிணையாகக் கொடுக்க நினைக்கும் வீட்டின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது. வீடு எங்கள் அம்மா பெயரில் இருக்கிறது.

தாங்களே கணக்கில் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டியவை இரண்டு. சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் காசோலைகள் இரண்டு பணமின்றித் திரும்பின. அதே மாதம் வாகனக் கடனின் தவணையும் 19 நாள் தாமதமானது. எங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டிருந்த ஒரே வாடிக்கையாளர் 60 நாளில் தர வேண்டியதை 140 நாள் கழித்துத் தந்தார். ஒருவரையே அந்த அளவு நம்பியது எங்கள் தவறு. இப்போது எந்த ஒரு வாடிக்கையாளரின் பங்கும் ஐந்தில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். அந்த மார்ச்சுக்குப் பிறகு ஒரு காசோலைகூடத் திரும்பவில்லை, தவணையும் தவறவில்லை. அவருடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

நேரில் தங்களிடம் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புபவை: இயந்திரத்தையே ஈடாக வைத்தால் போதுமா, வீட்டுப் பத்திரமும் வேண்டுமா, வட்டி மாறுமா, நிலையானதா, முன்கூட்டியே கட்டி முடித்தால் கட்டணம் உண்டா, பரிசீலனைக் கட்டணம், சொத்து மதிப்பீடு, சட்டக் கருத்து, காப்பீடு ஆகியவற்றுக்கு எங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், விற்பனையாளருக்குப் பணம் நேரடியாகப் போகுமா, கேஷ் கிரெடிட்டுக்கு மாதா மாதம் சரக்கு இருப்பு அறிக்கை எந்தத் தேதிக்குள் தர வேண்டும். கடைசிக் கேள்வி என்னுடைய வேலைக்காக. இருப்பைக் கணக்கெடுக்க எனக்கு இரண்டு நாள் பிடிக்கும்.

அம்மாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். வீட்டுப் பத்திரம் தேவை என்று முடிவானால் கையொப்பமிட அவர் வர வேண்டியிருக்கும். அவருக்கு வயது 71. முழங்கால் வலியால் படி ஏற முடியாது. தங்கள் அறை மாடியில் இருக்கிறது. முதல் சந்திப்புக்கு நானும் தம்பியும் ஆடிட்டரும் மட்டும் வருகிறோம். அம்மா வரும் நாளில் கீழ்த்தளத்திலேயே கையொப்பம் வாங்க ஏற்பாடு செய்ய முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும். இன்னொன்று: எதில் கையொப்பமிடுகிறார், கடன் தவணை நின்றுபோனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை வங்கித் தரப்பிலிருந்து ஒருவர் அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால், "பிள்ளைகள் சொல்கிறீர்கள், போடுகிறேன்" என்று போட்டுவிடுவார். அப்படிப் போட வைக்க எனக்கு மனமில்லை.

மேலே உள்ள பட்டியலில் ஏதாவது விடுபட்டிருந்தாலோ, வங்கியின் விண்ணப்பப் படிவத்தை முன்பே நிரப்பிக் கொண்டுவர வேண்டும் என்றாலோ, சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும். ஒரு தாளுக்காக மறுபடி வருவதில் எங்களுக்கு ஒரு பாதி நாள் போகும்; தங்களுக்கும் இன்னொரு சந்திப்பு நேரம் போகும். என் கைபேசி எண் கணக்கில் பதிவாகியிருக்கிறது. காலை 10 மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் எடுப்பேன். பட்டறைச் சத்தத்தில் மணி கேட்காமல் போனால் குறுஞ்செய்தி அனுப்பினாலும் போதும், உடனே திரும்ப அழைக்கிறேன்.

கடன் கொடுப்பதற்கு முன் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று தாங்களோ கடன் பிரிவு அலுவலரோ விரும்பினால் எந்த வேலை நாளிலும் வரலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் வந்தால் பட்டறை எப்போதும் இருப்பதுபோல் இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. செல்வராணி
நிர்வாகக் கூட்டாளி

இணைப்பு: தேர்ந்தெடுத்த இயந்திரத்தின் விலைப்புள்ளி நகல், 2 பக்கம், திட்ட அறிக்கையின் சுருக்கம், 1 பக்கம்.