ஏழு பேரும் ஒரே மூச்சு

(திருவாரூரில் நடக்கும் மாவட்ட இறுதிப் போட்டிக்கு, நீடாமங்கலம் பெண்கள் கபடி அணிக்காக. ஷூ கட்டி முடித்ததும் பன்னிரண்டு பேரும் வட்டமாக நின்று, தோளில் கை போட்டுக்கொண்டு பாட வேண்டும். களம் இறங்கும் ஏழு பேர் மட்டும் பாடினால் போதாது. பெஞ்சில் உட்காரப் போகிற ஐந்து பேரின் குரலும் கேட்க வேண்டும். கேப்டன் ஒரு வரி, மற்றவர்கள் மறு வரி. நடக்கிற வேகம்தான் தாளம்: இடது, வலது, இடது, வலது. நாலு அடிக்கு ஒரு வரி. கத்த வேண்டாம், தொண்டையை ரைடுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

யாரு யாரு வந்திருக்கா?
– நீடாமங்கலம் வந்திருக்கு!
எந்த ஆறு பாய்ஞ்சிருக்கு?
– வெண்ணாறு பொங்கி வந்திருக்கு!
மூணாறு தலைப்பில் என்ன நடக்கும்?
– ஓராறு மூணாப் பிரிஞ்சு நடக்கும்!
கோரையாறு தன் வழி போகும்,
– பாமணியாறு தன் வழி போகும்,
வெண்ணாறும்தான் தன் வழி போகும்,
– தடுக்க வந்தா தடுப்பே போகும்!

(எல்லோரும். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கைதட்டல்.)

ஏழு பேரும் ஒரே மூச்சு!
எங்க ஆட்டம் வந்தாச்சு!
கோட்டைத் தாண்டிக் காலை வெச்சா
கபடி மட்டும் எங்க பேச்சு!

வேப்ப மரத்து நிழலுக்குள்ளே
சுண்ணாம்புக் கோடு போட்டோமே,
விடியும் முன்னே எழுந்து வந்து
வெறுங்காலோட ஓடினோமே!
மழையில் சேறு, வெயிலில் தூசி,
ரெண்டும் எங்க வாத்தியாரு!
முட்டி தேஞ்சும் மூஞ்சி சுளிக்காப்
பொண்ணுங்க நாங்க, வந்து பாரு!

மண்ணில் ஆடிப் பழகின காலு
சிந்தடிக் பார்த்துத் தயங்குமா?
– தயங்காது!
களத்து மேட்டில் வளர்ந்த பொண்ணு
கைதட்டலுக்கு மயங்குமா?
– மயங்காது!

(இனி ரைடு. கேப்டன் சொல்லச் சொல்ல, எல்லோரும் வலது காலால் தரையைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். இங்கே கொஞ்சம் வேகம் கூட்டலாம்.)

மூச்சைப் புடி!
– புடிச்சாச்சு!
பாக் லைனை?
– கடந்தாச்சு!
விரலை நீட்டு!
– தொட்டாச்சு!
பின்னங்காலை?
– விட்டாச்சு!
நடுக்கோட்டை?
– எட்டியாச்சு!
பாயின்ட்டு? பாயின்ட்டு?
– கிட்டியாச்சு!

முப்பது நொடிதான் கையில் இருக்கு,
முப்பதும் போதும் எங்களுக்கு!
ரெண்டு ரைடு சும்மா போச்சா?
மூணாம் ரைடில் முடியும் கணக்கு!

(அடுத்தது பிடி. தோளிலிருந்து கையை எடுத்து, பக்கத்தில் நிற்பவளின் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரலை மட்டும் கோத்தால் வழுக்கிவிடும், ஆட்டத்திலும் அப்படித்தான்.)

இடது கார்னர்?
– இரும்பாச்சு!
வலது கார்னர்?
– வரம்பாச்சு!
கவரு ரெண்டும்?
– கதவாச்சு!
நடுவில் நிக்கிறவ?
– நங்கூரமாச்சு!

கையைக் கோத்தா சங்கிலிதான்,
காலைப் புடிச்சாப் பூட்டுதான்!
உள்ளே வந்தவ வெளியே போக
விசில் அடிச்சாத் தொறக்கும்தான்!

மூணே பேருதான் மிச்சமா?
முகத்தைப் பாரு, அச்சமா?
மூணு பேரும் சேர்ந்து புடிச்சா
ரெண்டு பாயின்ட்டு சொச்சமா?
சூப்பர் டேக்கிள்!
– சூப்பர்!
சூப்பர் டேக்கிள்!
– சூப்பர்!

ஏழு பேரும் ஒரே மூச்சு!
எங்க ஆட்டம் வந்தாச்சு!
கோட்டைத் தாண்டிக் காலை வெச்சா
கபடி மட்டும் எங்க பேச்சு!

(கைதட்டலை நிறுத்துங்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பெஞ்சில் இருக்கப் போகிற ஐந்து பேர் கேட்க, களம் இறங்கும் ஏழு பேர் பதில் சொல்லட்டும். இந்த இடத்துக்காகத்தான் பாட்டையே எழுதினேன், அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். பிடிபட்டு வெளியே போனவள் அந்த மேட்சில் தொலைந்து போகிறவள் இல்லை. உள்ளே இருக்கும் ஒருத்தி எதிரணியில் ஓர் ஆளை அவுட்டாக்கினால் போதும், அவள் எழுந்து வந்துவிடுவாள். கபடியில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இதுதான்.)

வெளியே போனா, யாரு அவ?
– எங்க உசிரில் பாதி அவ!
வரிசையில உக்காந்திருக்கா,
– வாசல் பார்த்துக் காத்திருக்கா!
தலையைக் குனிஞ்சு இருக்காளா?
– "நிமிரு புள்ள" சொல்லுங்கடி!
தப்பு யாரு செஞ்சதுன்னு?
– அந்தப் பேச்சைத் தள்ளுங்கடி!

நீ அவுட்டானா நான் தொடுவேன்,
– நீ எழுந்து உள்ள வரத்தான்!
நான் அவுட்டானா நீ தொடுவே,
– நான் எழுந்து உள்ள வரத்தான்!
முதலில் போனவ முதலில் வருவா,
– முன்னைவிட வேகமா வருவா!
அழுத கண்ணைத் தொடச்சு வருவா,
– ஆளைத் தூக்க அவளே வருவா!

ஏழும் போனா லோனா ஆச்சு,
– ரெண்டு பாயின்ட்டு போகட்டும்!
ஏழு பேரும் எழுந்து வந்தா
– எல்லாக் கணக்கும் மாறட்டும்!

(மறுபடி பழைய வேகம், கைதட்டல்.)

கண்ணகி நகர் கார்த்திகா அக்கா
கபடிக் களத்தில் காலை வெச்சாங்க!
ஆசிய இளையோர் ஆட்டத்துல
அணியோட தங்கம் ஜெயிச்சாங்க!
வடுவூர் அபினேஷ் நம்ம ஜில்லா,
அண்ணனும் தங்கம் ஜெயிச்சாரு!
2025-ல பஹ்ரைன் போய்
நம்ம மண்ணை நினைச்சாரு!

(ஆண்டை "ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு" என்று முழுதாகச் சொல்லுங்கள், தாளத்தில் சரியாக உட்காரும். அப்புறம் வரும் நாலு வரியை எதிரணி இருக்கும் பக்கம் திரும்பிப் பாட வேண்டும். சிரித்த முகம். விரலை நீட்டக் கூடாது.)

எதிரே நிக்கும் அக்கா தங்கை,
எங்களைப் போலப் பொண்ணுங்க!
கோட்டுக்குள்ள விட மாட்டோம்,
கோட்டுக்கு வெளியே கண்ணுங்க!

ஆரூர் வீதி ஆழித்தேரு
ஒத்தக் கைக்கு நகராதே!
ஊரே கூடி வடம் புடிச்சா
ஓரம் போய் அது நிக்காதே!
இழுங்கடி!
– ஏய்!
இழுங்கடி!
– ஏய்!
சேர்ந்து ஒரு தரம்!
– ஏய்! ஏய்! ஏய்!

(இனி எண்ணிக்கை. களம் இறங்கும் ஏழு பேரும் ஆளுக்கு ஓர் எண்ணாக முதலில் சொல்ல, பெஞ்சு ஐவர் தொடர வேண்டும். ஒருத்தியின் எண்ணை இன்னொருத்தி சொல்லிவிடாதீர்கள்.)

ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!
அஞ்சு! ஆறு! ஏழு!
– எட்டு! ஒம்பது! பத்து!
– பதினொண்ணு! பன்னெண்டு!

பன்னெண்டு பேரும் ஒரே மூச்சு!
எங்க ஆட்டம் வந்தாச்சு!
கோப்பை எங்கே?
– திருவாரூரில!
ராத்திரி எங்கே?
– நீடாமங்கலத்தில!
கபடி கபடி கபடி கபடி
கபடி கபடி கபடி கபடி...

(கடைசி இரண்டு வரியும் ஒரே மூச்சில். மூச்சு முடியும் வரை சொல்லிக்கொண்டே ஏழு பேரும் நடுக்கோட்டை நோக்கி நடங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் நிறுத்தாமல் கைதட்டுங்கள், டாஸ் போடும் வரை.)