ஆய்வக அறிக்கை: மூன்று கட்ட ஆர்சி அமைப்புக்கு பிஐடி கன்ட்ரோலரை டியூன் செய்தலும் அதிர்வெண் துலங்கலை வாசித்தலும்

நோக்கம்

மூன்று ஆர்சி கட்டங்கள் கொண்ட ஒரு மின்சுற்றை மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் பிஐடி மூலம் கட்டுப்படுத்துவது. சீக்லர்–நிக்கல்ஸ் முறையில் (1942) முதல் மதிப்புகளைப் பெறுவது. போடே வரைபடத்தில் கெய்ன் மார்ஜினையும் ஃபேஸ் மார்ஜினையும் வாசித்து அந்த மதிப்புகளைத் திருத்துவது.

அமைப்பு

ஒவ்வொரு கட்டத்திலும் 100 கிலோஓம் மின்தடை (1%), பெயரளவில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி, அதன்பின் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர். பஃபர் இருப்பதால் அடுத்த கட்டம் முந்தைய கட்டத்தை இழுப்பதில்லை. மூன்றையும் தனித்தனி முதல்வரிசை அமைப்புகளாகப் பெருக்கிக்கொள்ளலாம். மின்தேக்கிகளை எல்சிஆர் மீட்டரில் அளந்தபோது 0.93, 1.04, 1.09 மைக்ரோஃபாரட் கிடைத்தது. ஆகவே மாதிரி:

G(s) = 1 / [(1 + 0.093s)(1 + 0.104s)(1 + 0.109s)]

கன்ட்ரோலர் பக்கம் 10 பிட் ஏடிசி, 12 பிட் டிஏசி, இரண்டும் 0–5 வோல்ட். மாதிரி எடுக்கும் இடைவெளி 5 மில்லிவினாடி. டெரிவேட்டிவ் அளவீட்டின் மீது மட்டும் வேலை செய்கிறது, பிழையின் மீது அல்ல. செட்பாயின்ட்டை மாற்றும்போது டிஏசி எல்லையில் போய் முட்டாமல் இருக்க இது தேவை. டெரிவேட்டிவ் வடிகட்டியின் கால மாறிலி Tf = 10 மில்லிவினாடி. நிரலின் மையப்பகுதி:

```c
void tick() {                 // every 5 ms
  dacWrite(u + d);            // u from previous tick
  float y = readVolts();
  float e = r - y;
  I += Kp * Ts / Ti * e;
  D = a * D - Kp * Td / (Tf + Ts) * (y - yOld);
  yOld = y;
  u = Kp * e + I + D;         // a = Tf / (Tf + Ts)
}
```

`d` என்பது சுமை மாற்றத்தைப் போலச் செய்துகாட்ட நாங்கள் சேர்த்த வோல்ட்டேஜ்.

அறுதி கெய்ன்

`I`, `D` இரண்டையும் நிறுத்திவிட்டு Kp-ஐ மெதுவாக உயர்த்தினோம். 6.6-ல் வெளியீடு வளராமலும் தேயாமலும் ஒரே வீச்சில் அலைந்தது. அலைவுக் காலம் 0.40 வினாடி. ஆக Ku = 6.6, Pu = 0.40.

சீக்லர்–நிக்கல்ஸ் அட்டவணைக்குப் போகுமுன் இந்த 6.6-ஐச் சரிபார்க்க வேண்டும். மூன்று முதல்வரிசைக் கட்டங்கள் கொண்ட, டிசி கெய்ன் 1 உள்ள எந்த அமைப்புக்கும் ரவுத் சோதனை தருவது:

Ku = (T1 + T2 + T3)(1/T1 + 1/T2 + 1/T3) − 1

மூன்று கால மாறிலிகளும் சமமாக இருக்கும்போதுதான் இது மிகக் குறைவு, அப்போது 8. ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகினாலும் Ku ஏறுமே தவிர இறங்காது. எங்கள் மதிப்புகளைப் போட்டால் 8.04 வருகிறது. அளந்ததோ 6.6. மின்தேக்கிகளின் டாலரன்ஸ் மீது இந்த வித்தியாசத்தைச் சுமத்த முடியாது, ஏனென்றால் அது எதிர்த்திசையில்தான் தள்ளும். மாதிரியில் இல்லாத ஏதோ ஒரு தாமதம் சுற்றுக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அதிர்வெண் துலங்கலை அளந்தோம்.

அதிர்வெண் துலங்கல்

கன்ட்ரோலரில் கணக்கை எடுத்துவிட்டு, படித்த வோல்ட்டேஜையே அப்படியே வெளியே அனுப்பும்படி (`u = y`) வைத்தோம். சிக்னல் ஜெனரேட்டர் ஏடிசி-யில், டிஏசி மின்சுற்றில். உள்ளீடு 2.5 வோல்ட்டை நடுவாகக் கொண்ட, உச்சியிலிருந்து உச்சிக்கு 2 வோல்ட் சைன் அலை. ஸ்கோப்பின் ஒரு சேனலில் ஜெனரேட்டர், மறு சேனலில் கடைசிக் கட்டத்தின் வெளியீடு. ஃபேஸை நேர வித்தியாசத்திலிருந்து கணக்கிட்டோம்: φ = −360·f·Δt.

| அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) | கெய்ன், அளந்தது (டெசிபல்) | கெய்ன், மாதிரி (டெசிபல்) | ஃபேஸ், அளந்தது | ஃபேஸ், மாதிரி |
|---|---|---|---|---|
| 0.5 | −1.3 | −1.3 | −55° | −53° |
| 1.0 | −4.5 | −4.5 | −101° | −98° |
| 2.0 | −12.6 | −12.7 | −161° | −156° |
| 2.5 | −16.5 | −16.6 | −181° | −174° |
| 4.0 | −26.5 | −26.3 | −217° | −206° |

4 ஹெர்ட்ஸில் வெளியீடு 100 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே ஸ்கோப்பின் ஆவரேஜிங் இல்லாமல் நம்பகமான வாசிப்பு வராது. இன்னொன்று: அந்த இடத்தில் ஸ்கோப் தானாகக் காட்டும் ஃபேஸ் +143°. கருவி ±180°-க்குள் மடித்துக் காட்டுகிறது. 2 ஹெர்ட்ஸிலிருந்து தொடர்ந்து இறங்கிவரும் கோட்டைப் பார்த்தால்தான் அது −217° என்று தெரியும்.

கெய்ன் கோட்டில் மூன்று மூலை அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அவை 1.46 முதல் 1.71 ஹெர்ட்ஸுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. கோடு சமதளத்திலிருந்து ஒரே வளைவில் டெகேடுக்கு −60 டெசிபல் சரிவை நோக்கிப் போகிறது. ஒரே மூலையாக எடுத்துக்கொண்டால் அங்கே −9 டெசிபல் இருக்க வேண்டும், 1.56 ஹெர்ட்ஸில் அளந்தது அதுவேதான்.

அட்டவணையில் கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு நெடுவரிசைகள். கெய்ன் மாதிரியோடு ஒட்டிப்போகிறது; ஃபேஸ் மட்டும் பின்தங்குகிறது. பின்தங்கும் அளவு 2, 3, 5, 7, 11 டிகிரி, அதாவது அதிர்வெண்ணோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் வளர்கிறது. விட்டுப்போன இன்னொரு ஆர்சி கட்டம்தான் காரணம் என்றால் கெய்னும் கூடவே விழுந்திருக்கும். கெய்னைத் தொடாமல் ஃபேஸை மட்டும் அதிர்வெண்ணுக்கேற்ப இழுப்பது தூய காலத் தாமதம். 4 ஹெர்ட்ஸில் 11° என்றால் 11 ÷ (360 × 4), அதாவது சுமார் 7.6 மில்லிவினாடி.

இது எங்கிருந்து வருகிறது என்று நிரலே சொல்கிறது. `dacWrite` தொடக்கத்தில் இருப்பதால், இப்போது கணக்கிட்ட `u` அடுத்த சுழற்சியில்தான் வெளியே போகிறது. அது 5 மில்லிவினாடி. டிஏசி ஒரு மதிப்பை அடுத்த மதிப்பு வரும்வரை பிடித்து வைப்பதால் சராசரியாக இன்னும் அரை இடைவெளி, 2.5 மில்லிவினாடி. மொத்தம் 7.5. ஜெனரேட்டரை மின்சுற்றில் நேரடியாக இணைத்து 4 ஹெர்ட்ஸில் மறுபடி அளந்தபோது −206° வந்தது. மின்சுற்று சரி, தாமதம் முழுவதும் கன்ட்ரோலருடையது.

7.5 மில்லிவினாடியை மாதிரியில் சேர்த்தால் ஃபேஸ் −180°-ஐத் தொடும் இடம் 15.6 ரேடியன்/வினாடி. அங்கே கெய்ன் 1/6.6. Ku-உம் Pu-உம் (2π/15.6 = 0.40) இப்போது அளவீட்டோடு பொருந்துகின்றன.

முதல் டியூனிங்: சீக்லர்–நிக்கல்ஸ்

Kp = 0.6Ku = 3.96; Ti = Pu/2 = 0.20; Td = Pu/8 = 0.05.

செட்பாயின்ட்டை 2.0 வோல்ட்டிலிருந்து 2.4 வோல்ட்டுக்கு மாற்றியதில் ஓவர்ஷூட் 53%, முதல் உச்சம் 0.29 வினாடியில், 2% எல்லைக்குள் அடங்க 1.1 வினாடி. டிஏசி எல்லையைத் தொடவில்லை. எனவே இந்த அலைவு இன்டெக்ரல் வைண்ட்-அப்பால் வந்ததல்ல.

திறந்த சுற்று போடே வரைபடத்தில் (தாமதத்தையும் டெரிவேட்டிவ் வடிகட்டியையும் சேர்த்து) கெய்ன் 0 டெசிபலைக் கடக்கும் இடம் 12.7 ரேடியன்/வினாடி. அங்கே ஃபேஸ் −150°. ஃபேஸ் மார்ஜின் 30°. ஃபேஸ் −180°-ஐக் கடப்பது சுமார் 25 ரேடியன்/வினாடியில். கெய்ன் மார்ஜின் 10 டெசிபல்.

கெய்ன் மார்ஜினை மட்டும் பார்த்தால் இந்த அமைப்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும். 10 டெசிபல் என்றால் கெய்ன் மூன்று மடங்கு ஏறினாலும் நிலை குலையாது. ஆனால் திரையில் தெரிந்த அலைவை விளக்குவது 30° என்ற எண்தான். ஒரு மார்ஜினை மட்டும் எழுதிவிட்டு அமைப்பு நிலையானது என்று முடிக்கும் அறிக்கை பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இரண்டாவது டியூனிங்

ஃபேஸ் மார்ஜின் 60° வேண்டும் என்று இலக்கு வைத்தோம். வரைபடத்தில் அதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன: Kp-ஐக் குறைத்துக் கடக்கும் புள்ளியை இடப்பக்கம் நகர்த்துவது, Ti-ஐக் கூட்டி இன்டெக்ரல் தரும் பின்னடைவைக் குறைப்பது, Td-ஐக் கூட்டி முன்னேற்றம் சேர்ப்பது. Td-க்கு ஓர் எல்லை உண்டு. ஏடிசி-யின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், முதல் டியூனிங்கில் அந்த ஒரு படி மாறினாலே டெரிவேட்டிவ் உறுப்பு 65 மில்லிவோல்ட் துள்ளுகிறது. டிஏசி வெளியீட்டில் ஸ்கோப்பை வைத்தால் இந்தத் துள்ளல் கண்ணுக்கே தெரிகிறது. அதனால் Td-ஐச் சற்றே கூட்டி, மீதியை மற்ற இரண்டிலும் எடுத்தோம்: Kp = 2.4, Ti = 0.35, Td = 0.06. துள்ளலும் 47 மில்லிவோல்ட்டாக இறங்கியது.

| | முதல் டியூனிங் | இரண்டாவது |
|---|---|---|
| 0 டெசிபல் கடக்கும் இடம் (ரேடியன்/வினாடி) | 12.7 | 9.2 |
| ஃபேஸ் மார்ஜின் | 30° | 59° |
| கெய்ன் மார்ஜின் (டெசிபல்) | 10 | 15 |
| ஓவர்ஷூட் | 53% | 12% |
| அடங்கும் நேரம் (வினாடி) | 1.1 | 0.7 |

கடக்கும் அதிர்வெண் குறைந்தும் அடங்கும் நேரம் குறைந்திருக்கிறது. முதல் டியூனிங் வேகமாக ஏறியது உண்மை. அந்த வேகத்தை அலைந்தே செலவழித்துவிட்டது.

விவாதம்

அட்டவணை சொல்லாத ஒன்று சுமை மாற்றம். `d`-ஐ 0.3 வோல்ட்டாக மாற்றி, பிழையின் நேரத் தொகுப்பைப் பார்த்தோம். நிலையான சுற்றில் இது d × Ti/Kp ஆகத்தான் இருக்கும்: முதல் டியூனிங்குக்கு 0.015 வோல்ட்-வினாடி, இரண்டாவதற்கு 0.044. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. செட்பாயின்ட் மாற்றத்தில் அழகாக நிற்கும் இரண்டாவது டியூனிங், சுமை ஏறினால் மெதுவாகத்தான் மீள்கிறது. செட்பாயின்ட் அடிக்கடி மாறும் வேலைக்கு அதையே பரிந்துரைக்கிறோம். செட்பாயின்ட் நிலையாக இருந்து சுமை மட்டும் மாறும் இடத்தில் Ti-ஐ 0.35-லிருந்து கீழே கொண்டுவருவது நியாயம். ஃபேஸ் மார்ஜின் 45°-க்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும்.

தாமதம் பற்றிய விளக்கம் சரிதானா என்பதை கடைசியாக ஒரு மாற்றத்தால் சோதித்தோம். `dacWrite` வரியை `tick()`-இன் தொடக்கத்திலிருந்து எடுத்து, `u` கணக்கிட்டு முடிந்த உடனேயே வைத்தோம். ஏடிசி வாசிப்புக்கும் கணக்குக்கும் 0.5 மில்லிவினாடி ஆகிறது. மொத்தத் தாமதம் 3 மில்லிவினாடியாகக் குறைய வேண்டும், மாதிரிப்படி Ku 7.4-க்கு ஏற வேண்டும். அளந்தது 7.3. பிஐடி மதிப்புகளைத் தொடாமலேயே இரண்டாவது டியூனிங்கின் ஃபேஸ் மார்ஜினில் இது 2.4° சேர்க்கிறது, முதலாவதில் 3.3°. அடுத்த அளவீடுகள் அனைத்தும் இந்தத் திருத்திய நிரலில்தான் எடுக்கப்படும். அதற்கான Ku, Pu மதிப்புகளைக் கொண்டு டியூனிங்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.