சனிக்கிழமை கிட்னி வகுப்பு: யாருக்கு எந்தப் பகுதி

எல்லாருக்கும்,

கிட்னி பிசியாலஜி ஸ்லைடுகள் மொத்தம் 142. ஆளுக்கு 28 என்று வகுத்தால் ஹென்லே லூப் பாதியில் அறுந்துபோகும். அதனால் தலைப்பு முடிகிற இடம் பார்த்துப் பிரித்திருக்கிறேன்.

1–17 அனாட்டமி. யாரும் நடத்த வேண்டாம், படித்துவிட்டு வந்தால் போதும். நெஃப்ரானைப் பார்க்காமல் வரையத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபரீதா, 18–50 உனக்கு: ஃபில்ட்ரேஷன். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது, அங்கிருந்தே ஆரம்பி. அஃபரன்ட் சுருங்கினால் ஜிஎஃப்ஆர் குறையும், எஃபரன்ட் ஓரளவு சுருங்கினால் கூடும். இதில்தான் எல்லாரும் குழம்புகிறோம், நிதானமாகப் போ. ஸ்டார்லிங் விசைகளுக்கு ஐந்து ஸ்லைடு இருக்கிறது, ஒரே படத்தில் முடித்துவிடலாம்.

செந்தில், 51–78 பிராக்ஸிமல் ட்யூப்யூல். சோடியமும் தண்ணீரும் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே திரும்பிவிடுகிறது. குளுக்கோஸ் எப்போது சிறுநீரில் வரும் என்கிற கிராஃபை மட்டும் போர்டில் போடு.

79–113 ஹென்லே லூப்பும் கலெக்டிங் டக்டும். கஷ்டமான பகுதி, அதனால் மீனாவும் நானும் சேர்ந்து எடுக்கிறோம். மீனா, இறங்கும் பக்கம் தண்ணீரை விடும், உப்பை அவ்வளவாக விடாது. ஏறும் பக்கம் உப்பை வெளியே தள்ளும், தண்ணீரை விடவே விடாது. இந்த இரண்டை வைத்தே மெடுல்லாவின் அடியில் 1200 வரை எப்படி ஏறுகிறது என்று நீ படிப்படியாக வரைந்து காட்டு. அந்த 1200-ஐ ஏடிஹெச் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதிலிருந்து நான் தொடர்கிறேன். ஸ்லைடு 94-இல் இருக்கும் அம்புக்குறிப் படத்தை நம்பாதீர்கள், எது எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை.

ஜோசப், 114–142: ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன். ஏசிஇ இன்ஹிபிட்டர் கொடுத்தால் ஜிஎஃப்ஆர் ஏன் இறங்கலாம் என்று கேட்டு முடி. ஃபரீதா சொன்னது மனதில் நின்றதா என்று தெரிந்துவிடும்.

டையூரெட்டிக்ஸ் ஸ்லைடுகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. தனித் தலைப்பாக வேண்டாம், மருந்து வேலை செய்யும் இடத்தை நடத்துபவரே அதையும் சொல்லட்டும். ஃப்யூரோசமைடு மீனாவுக்கு. தயசைடு வேலை செய்யும் டிஸ்டல் ட்யூப்யூலும் என் பகுதியிலேயே வருகிறது, நான் சொல்கிறேன். ஸ்பைரோனோலாக்டோன் ஜோசப்புக்கு.

ஆளுக்கு 15 நிமிடம், அப்புறம் 5 நிமிடம் கேள்வி. லூப்புக்கு மட்டும் மொத்தம் 40. ஸ்லைடைத் திரையில் போட்டு வாசிப்பது கிடையாது, மார்க்கரும் போர்டும்தான். ஒவ்வொருவரும் தன் பகுதியிலிருந்து ஒரு கேள்வி கொண்டு வரவும். பதில் ஸ்லைடில் நேரடியாக இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மாலை 4 மணி, லைப்ரரி மாடி அறை. பகுதியை மாற்றிக்கொள்வதென்றால் உங்களுக்குள் பேசி, இன்று இரவுக்குள் இங்கேயே போடுங்கள். செந்தில், மார்க்கர் உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காதே.