எல்.ஆர். 40718: சூடாக வந்த இன்சுலின் சரக்கின் முழு வெப்பநிலைப் பதிவு வேண்டி

அம்பத்தூர், சென்னை
14 மே 2025

பெறுநர்: செயல்பாட்டு மேலாளர், குளிர்சாதனப் போக்குவரத்துப் பிரிவு
நகல்: தரப் பிரிவுப் பொறுப்பாளர், சரக்கு அனுப்பிய பெங்களூரு கிடங்கு

ஐயா, வணக்கம்.

திங்கள் இரவு (12 மே) பெங்களூரில் ஏற்றி, நேற்று காலை 9.40-க்கு எங்கள் அம்பத்தூர் கிடங்கில் நீங்கள் இறக்கிய 46 பெட்டி இன்சுலின் பற்றி எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். நேற்று அடிக்கவில்லை. கதவோரப் பெட்டிகளைத் தொட்டபோதே தெரிந்துவிட்டது. டெலிவரி சலானில் "சரக்கு சூடாக வந்தது, லாகர் பதிவு எடுக்கப்பட்டது" என்று எழுதி, உங்கள் ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். அதன் படத்தை இணைத்துள்ளேன்.

இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, எல்.ஆரிலேயே அது அச்சாகியிருக்கிறது. சரக்கு அனுப்பியவர் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு லாகர்களை வைத்திருந்தார். ஒன்று முன்பக்கம், கூலிங் யூனிட் அருகில். மற்றொன்று கதவோரம், கடைசி வரிசையில். இரண்டும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்பவை. கதவோர லாகர் அதிகாலை 3.05-க்கு 8 டிகிரியைத் தாண்டுகிறது, 5.30-க்கு 16.9 வரை போகிறது, நாங்கள் கதவைத் திறந்த 9.40-க்கும் 11.2-லேயே நிற்கிறது. அதாவது 6 மணி 35 நிமிடம் 8 டிகிரிக்கு மேல். முன்பக்க லாகர் 3.30-க்குத் தாண்டி, உச்சத்தில் 13.2 காட்டி, 7.50-க்குத்தான் 8-க்குக் கீழே இறங்குகிறது. லாகர்கள் அட்டைப் பெட்டிகளுக்கு வெளியே இருந்தவை என்பதால், குப்பிக்குள் இருக்கும் மருந்து இவ்வளவு சூடாகியிருக்காது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் எவ்வளவு சூடானது என்று சொல்ல வேண்டுமென்றால் உங்கள் வண்டியின் பதிவு வேண்டும்.

நேற்று மாலை உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பக்க பி.டி.எஃப். வந்தது. தொலைபேசியில் பேசியவர், "சராசரி 6.4 டிகிரிதான் மேடம், எல்லாம் 8-க்குள்ளேதான் இருக்கு" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பக்கத்தை நான் இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். அதை ஏற்க முடியவில்லை. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரம். உங்கள் வரைபடம் 15.00-க்குத் தொடங்கி மறுநாள் 04.10-க்கு முடிகிறது. ஆனால் சரக்கு ஏற்றியது இரவு 8.30-க்கு, இறக்கியது காலை 9.40-க்கு. இரண்டு முனையிலும் சரியாக 5 மணி 30 நிமிட வித்தியாசம். ஆகவே உங்கள் கருவி இந்திய நேரத்தில் இல்லாமல் யு.டி.சி.-யில் ஓடுகிறது என்றுதான் நினைக்கிறேன். இதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எங்கள் லாகர் சூடாகும் நேரத்தில் உங்கள் வரைபடம் 5 டிகிரியில் அமைதியாக இருப்பது போலத் தெரியும். உண்மையில் அது வேறு நேரத்துக் கோடு.

நேரத்தைத் திருத்திப் பார்த்தால் அடுத்தது தெரிகிறது. உங்கள் கருவி 10 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்வதாக அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 13 மணி 10 நிமிடத்துக்கு 80 பதிவுகள் இருக்க வேண்டும். அடியில் போட்டிருக்கும் எண்ணிக்கை 65. மீதி 15 எங்கே? வரைபடத்தில் 21.10-லிருந்து 23.50 வரை கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகப் போகிறது. ஒரு முனையில் 5.8, மறுமுனையில் 7.4. நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இடைவெளிதான் இந்திய நேரத்தில் அதிகாலை 2.40 முதல் 5.20 வரை. எங்கள் இரண்டு லாகர்களும் ஏறிக்கொண்டே போன நேரம் அதுதான். பதிவே இல்லாத 2 மணி 40 நிமிடத்தை விட்டுவிட்டு மிச்சத்தில் எடுத்த சராசரிதான் அந்த 6.4.

இடைவெளி இல்லாவிட்டாலும் சராசரி இங்கே உதவாது. சோறு ஒரு பக்கம் அடிபிடித்து மறுபக்கம் வேகாமல் இருந்தால், சராசரியில் பக்குவம் என்று யாரும் இலை போட மாட்டார்கள். மருந்து எவ்வளவு நேரம், எந்த உச்சத்தில் இருந்தது என்பதைப் பார்த்துத்தான் உற்பத்தியாளர் முடிவு சொல்வார்.

இன்னொன்று, அந்த 7.4 எந்த சென்சாரில் எடுத்தது? யூனிட் திரும்ப ஓடியதும் அதிலிருந்து வெளிவரும் காற்று சீக்கிரமே குளிர்ந்துவிடும். சரக்கு அப்படிக் குளிராது. வெளிவரும் காற்றில் இருக்கும் சென்சாரின் அளவை மட்டும் காட்டினால் பெட்டிக்குள் நடந்தது தெரியாது. சரக்கைச் சுற்றித் திரும்பி வரும் காற்றின் அளவு தனியாகப் பதிவாகியிருக்கும் அல்லவா, அதையும் அனுப்புங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது முன்பக்க லாகரின் கடைசி இரண்டு மணி நேரம். 7.50-க்கு 8 டிகிரியில் இருந்தது 9.10-க்கு 2.4 வரை இறங்கியிருக்கிறது. அதே நேரத்தில் கதவோரம் 11-க்கு மேல். இழந்த குளிரைப் பிடிக்க யாரோ செட்பாயின்டைக் குறைத்திருக்கிறார்கள், காற்று கடைசி வரிசை வரை போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இன்சுலின் சூட்டில் கெடுவதைப் போலவே உறைந்தாலும் கெடும். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஒரே வண்டியில் பின்பக்கம் சூட்டிலும் முன்பக்கம் குளிரிலும் போயிருக்கும். செட்பாயின்ட் எப்போது, எவ்வளவு, யாரால் மாற்றப்பட்டது என்ற பதிவு கட்டாயம் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பி.டி.எஃப். படம் அல்ல. கருவியிலிருந்து நேராக இறக்கிய மூலப் பதிவு, சி.எஸ்.வி. கோப்பாக, ஏற்றுவதற்கு முன் ப்ரீ-கூலிங் செய்த நேரத்திலிருந்து இறக்கி முடித்தது வரை. அதோடு யூனிட் ஓடிய, நின்ற நேரங்கள், அலாரப் பதிவு, அலாரம் எந்தத் தொலைபேசிக்குப் போனது, கதவு திறந்து மூடிய நேரங்கள், அந்த இரவின் ஜி.பி.எஸ். தடம், சென்சார்களின் அளவீட்டுச் சான்றிதழ், யூனிட்டுக்குக் கடைசியாக சர்வீஸ் செய்த விவரம். கதவுப் பதிவை ஏன் கேட்கிறேன் என்றால், மூடிய வண்டி, அதுவும் இரவு நேரத்தில், யூனிட் நின்றதால் மட்டும் இவ்வளவு வேகமாக 17 டிகிரியைத் தொடுவது எனக்கு நம்பக் கடினமாக இருக்கிறது. நடுவில் வேறு சரக்கு இறக்கினார்களா, பழுது பார்க்கத் திறந்தார்களா என்று தெரிய வேண்டும்.

இவற்றை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். பல கருவிகளில் நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். அந்த வண்டி அடுத்த நடைக்குப் போயிருந்தால்கூட, முதலில் பதிவை இறக்கச் சொல்லுங்கள். போன பதிவு திரும்ப வராது.

ஓட்டுநர் பற்றி ஒரு வார்த்தை. வேலூரைத் தாண்டியதும் யூனிட் நின்றது, அலாரம் அடித்தது, அலுவலகத்துக்கு அழைத்தேன் என்று அவராகவே எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார். இரவில் தனியாக நெடுஞ்சாலையில் நின்ற மனிதர், உண்மையைச் சொன்னதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. அவர் அழைத்தபோது யார் எடுத்தார்கள், என்ன செய்யச் சொன்னார்கள் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

46 பெட்டிகளும் இப்போது எங்கள் குளிர் அறையில் தனி ரேக்கில், சிவப்பு டேப் ஒட்டி, "விற்பனைக்கு அல்ல" என்ற அட்டையோடு இருக்கின்றன. பெட்டிகளை வரிசைப்படி எண் போட்டு வைத்திருக்கிறோம். கதவோர வரிசை எது, முன்வரிசை எது என்று காட்ட முடியும். முழுப் பதிவு கிடைத்தால் முன்வரிசையில் சிலவற்றையாவது உற்பத்தியாளர் அனுமதிக்கலாம். கிடைக்காவிட்டால் 46-ஐயும் அழிக்க வேண்டியதுதான். சரக்கின் மதிப்பு 18,40,000 ரூபாய்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கெட்டுப்போன பால் திரிந்துவிடும், மீன் நாறும். வீரியம் குறைந்த இன்சுலினைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. குப்பி நேற்றுப் போலவே தெளிவாக இருக்கலாம். இதை ஊசியில் ஏற்றுவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும். வழக்கமான அளவு போட்டும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று அந்தத் தாய்க்குப் புரியாது, மருந்தைச் சந்தேகிக்கவும் தோன்றாது. 19 வருடமாக இந்தக் குளிர் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் உள்ள ஒரு குப்பியைக்கூட நான் வெளியே விட மாட்டேன். அதே சமயம் நல்ல மருந்தை வெறும் பதிவு இல்லாத காரணத்துக்காகக் கொட்டவும் மனம் வரவில்லை. இரண்டு மருத்துவமனைகள் இந்தச் சரக்குக்காகக் காத்திருக்கின்றன.

நாளை, வியாழன் மாலை 5 மணிக்குள் பதிவுகள் வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குக் காப்பீட்டு சர்வேயர் கிடங்குக்கு வருகிறார். உங்கள் தரப்பிலிருந்தும் விவரம் தெரிந்த ஒருவர் வந்து நின்றால் நல்லது. இழப்பீடு பற்றி இப்போது தொகை எதுவும் எழுதவில்லை, உற்பத்தியாளர் முடிவு வந்த பிறகு எழுதுகிறேன். ஆனால் 2007-ஆம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கேட்கும் எழுத்து மூலமான அறிவிப்பாக இந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிங் தேதியிலிருந்து 180 நாள் அவகாசம் அதில் இருக்கிறது. இரண்டாம் நாளே தருகிறோம். சரக்கு அனுப்பியவரும் தனியே ஒரு கடிதம் அனுப்புகிறார்.

இணைப்பு: இரண்டு லாகர்களின் முழுப் பதிவு, டெலிவரி சலான், கதவு திறந்ததும் எடுத்த 6 படங்கள், உங்கள் பி.டி.எஃப்.-இல் நேரான கோடு வரும் இடத்தை வட்டமிட்ட பக்கம்.

பதிவை இறக்குவதில் ஏதாவது சிக்கல் இருந்தால் உங்கள் தொழில்நுட்ப ஆளை நேராக என்னிடமே பேசச் சொல்லுங்கள். இரவு எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர், குளிர் அறைப் பொறுப்பாளர்
மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு, அம்பத்தூர்