குத்தகைத் தவணை இணையத்தளம்: உள்நுழைவு, கணக்குப் பூட்டு, கடவுச்சொல் மீளமைப்பு. கைமுறைச் சோதனை நேர்வுகள்

சோதனைச் சூழல்: கொழும்பு அலுவலகத்தின் உள்வலையமைப்பு. சாதனங்கள்: ஒரு மடிக்கணினி, ஒரு மலிவான ஆண்ட்ராய்ட் கைப்பேசி. இந்தத் தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் முச்சக்கரவண்டிக்குத் தவணை கட்டுபவர்கள். புறக்கோட்டையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வெயிலில் திரை தெரியாமல் கடவுச்சொல்லை அடிப்பவர்கள். பூட்டு திருடனைத் தடுக்க வேண்டும், அவர்களைத் தண்டிக்கக் கூடாது. கீழுள்ள ஒவ்வொரு நேர்வையும் இந்த இரண்டு கண்ணாலும் பார்க்கவும்.

ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகள்

வி1. பயனர் பெயர் தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய வடிவம், புதிய 12 இலக்க வடிவம் இரண்டும் ஏற்கப்படும்.
வி2. கடவுச்சொல் 10 முதல் 64 வரையான யுனிகோட் குறியீடுகள். தமிழும் சிங்களமும் அனுமதி.
வி3. 15 நிமிடத்துக்குள் 5 பிழையான முயற்சி நடந்தால் 30 நிமிடப் பூட்டு. சரியான உள்நுழைவு எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும்.
வி4. மீளமைப்புக்கு 6 இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியில் வரும். ஆயுள் 10 நிமிடம், பயன்பாடு ஒருமுறை. 3 தடவை பிழையாக இட்டால் அது இறந்துவிடும்.
வி5. கடைசி 3 கடவுச்சொற்களை மீண்டும் வைக்க முடியாது. மீளமைத்ததும் பூட்டு திறக்கும், திறந்திருந்த மற்ற அமர்வுகள் முடியும்.

சோதனைக் கணக்கு

```
850000001V     (பழைய வடிவம்)
198500000001   (அதே நபர், புதிய வடிவம்)
Thavanai@2031
```

பிறந்த ஆண்டை அடுத்து வரும் நாள் எண் 000 ஆக இருப்பதால் இது எவருடைய அட்டையும் அல்ல. சோதனைச் சூழலில் நாள் எண் சரிபார்ப்பு அணைக்கப்பட்டுள்ளது. உண்மையான வாடிக்கையாளரின் இலக்கத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம்.

உள்நுழைவு

உ-01. சரியான இலக்கம், சரியான கடவுச்சொல். எதிர்பார்ப்பு: தவணைப் பட்டியல் பக்கம் திறக்கும்.

உ-02. இலக்கத்தின் இறுதியில் சிறிய `v`, பின்னால் ஓர் இடைவெளி. கைப்பேசியில் ஒட்டும்போது இப்படித்தான் வரும். எதிர்பார்ப்பு: உள்நுழையும். ஆனால் கடவுச்சொல்லின் இறுதியில் சேர்ந்த இடைவெளியைத் தளம் தானாக வெட்டக் கூடாது. அது பிழையான கடவுச்சொல்லாகவே கருதப்பட வேண்டும்.

உ-03. பிழையான கடவுச்சொல். எதிர்பார்க்கும் வாசகம், எழுத்துக்கு எழுத்து: “அடையாள அட்டை இலக்கம் அல்லது கடவுச்சொல் பிழையானது.” பதிவில் இல்லாத இலக்கத்துக்கும் இதே வாசகம். பதில் வரும் வேகத்திலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்கக் கூடாது. “பிழைச் செய்தி தோன்றும்” என்று மட்டும் முடிவில் எழுதினால் அந்த நேர்வு நடத்தப்படாததாகவே கொள்ளப்படும்.

உ-04. தமிழ்க் கடவுச்சொல். இதை நிதானமாகச் செய்யவும். `கொட்டாஞ்சேனை` என்று வைக்கவும். கண்ணுக்கு 6 எழுத்து, யுனிகோட் குறியீடுகளோ 12. வி2இன்படி இது ஏற்கப்பட வேண்டும். அடுத்து, முதல் எழுத்தை இரண்டு விதமாக உள்ளிட்டு உள்நுழையவும்:

```
U+0B95 U+0BCA
U+0B95 U+0BC6 U+0BBE
```

இரண்டும் திரையில் ஒரே ‘கொ’. விசைப்பலகையைப் பொறுத்து எதுவும் வரலாம். எதிர்பார்ப்பு: இரண்டாலும் உள்நுழைய முடியும். முடியாவிட்டால், சரியான சொல்லைத் தட்டியவரே 5 தடவையில் பூட்டப்படுவார். அதை உயர் தீவிரக் குறையாகப் பதியவும்.

உ-05. அதே சொல்லை இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதி, இறுதியில் `1` சேர்த்துக் கடவுச்சொல்லாக்கவும். பின் இறுதி இலக்கத்தை `2` ஆக்கி உள்நுழைய முயலவும். எதிர்பார்ப்பு: மறுக்கப்படும். காரணம்: தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், 24 குறியீட்டுக்குச் சரியாக 72 பைட். நாம் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. `2` உடன் கதவு திறந்தால், கடவுச்சொல்லின் வால் வெட்டப்படுகிறது என்று பொருள்.

கணக்குப் பூட்டு

பூ-01. 4 பிழை, பின் ஒரு சரி, மீண்டும் 4 பிழை. எதிர்பார்ப்பு: பூட்டாது.

பூ-02. தொடர்ச்சியாக 5 பிழை. 5ஆவது முயற்சிக்கான பதிலிலேயே பூட்டு வாசகம் வர வேண்டும், 6ஆவதில் அல்ல. வாசகம்: “பல தடவை பிழையாக முயன்றதால் உள்நுழைவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. சிறிது நேரத்தின் பின் முயலவும் அல்லது கடவுச்சொல்லை மீளமைக்கவும்.” 29 நிமிடம் 50 வினாடியில் சரியான கடவுச்சொல்: மறுப்பு. 30 நிமிடம் 10 வினாடியில்: அனுமதி. சேவையகக் கடிகாரத்தை நகர்த்தும் வசதி இருந்தாலும், இதை ஒரு தடவையாவது உண்மையாகக் காத்திருந்து நடத்தவும்.

பூ-03. நகரும் 15 நிமிடம். பிழைகளை 0, 4, 8, 12 ஆவது நிமிடங்களில் இடவும். 15.30இல் இன்னொன்று: முதல் பிழை காலாவதியாகிவிட்டதால் எண்ணிக்கை 4, பூட்டாது. 15.45இல் மேலும் ஒன்று: 5, பூட்டும்.

பூ-04. பழைய வடிவ இலக்கத்தில் 3 பிழை, புதிய வடிவத்தில் 2 பிழை. எதிர்பார்ப்பு: பூட்டும். எண்ணிக்கை நபருக்கு உரியது, தட்டிய எழுத்துகளுக்கு உரியதல்ல. தனித்தனியாக எண்ணினால் திருடனுக்கு வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

பூ-05. பூட்டப்பட்டிருக்கையில் சரியான கடவுச்சொல்லும் பிழையான கடவுச்சொல்லும். எதிர்பார்ப்பு: ஒரே வாசகம். இந்த முயற்சிகள் பூட்டு நேரத்தை நீட்டவும் கூடாது. நீட்டினால், ஒருவரின் இலக்கம் தெரிந்த எவரும் அவரை நாள் முழுவதும் வெளியே நிறுத்திவைக்கலாம்.

பூ-06. பதிவில் இல்லாத இலக்கத்தில் 5 பிழை. எதிர்பார்ப்பு: அதே பூட்டு வாசகம். இங்கு மட்டும் பூட்டு வராவிட்டால், யார் நம் வாடிக்கையாளர் என்பதை வெளியார் கண்டுபிடித்துவிடுவர். வாடிக்கையாளரின் கடன் விவரம் அவருடையது. ஆகவே இந்த நேர்வைச் சிறியதாக எண்ண வேண்டாம்.

பூ-07. பூ-02ஐ இரண்டு உலாவிகளில் 3, 2 எனப் பிரித்து நடத்தவும். எதிர்பார்ப்பு மாறாது.

மீளமைப்பு

மீ-01. பூட்டிய கணக்கில் குறியீடு கேட்டு, புதிய கடவுச்சொல் வைக்கவும். எதிர்பார்ப்பு: 30 நிமிடம் காத்திராமல் உள்நுழையலாம். மடிக்கணினியில் திறந்திருந்த பழைய அமர்வு அடுத்த சொடுக்கில் வெளியேறும். “உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது” என்ற குறுஞ்செய்தியும் வரும்.

மீ-02. பதிவில் இல்லாத இலக்கத்துக்குக் குறியீடு கேட்கவும். திரை மீ-01ஐப் போலவே இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்களைக்கூடக் காட்டக் கூடாது.

மீ-03. இரண்டு தடவை குறியீடு கேட்டு, முதலில் வந்ததை இடவும்: மறுப்பு. இரண்டாவது: ஏற்பு. அதையே மீண்டும் இடவும்: மறுப்பு.

மீ-04. குறியீட்டை 3 தடவை பிழையாக இட்டு, 4ஆவதாகச் சரியானதை இடவும். எதிர்பார்ப்பு: மறுப்பு. புதியது கேட்கும்படி சொல்லும்.

மீ-05. அதிகாலை 5.25க்குக் குறியீடு கேட்டு 5.32க்கு இடவும். இலங்கை நேரம் உலக நேரத்துக்கு 5.30 மணி முன்னே இருப்பதால், சேவையகத்தில் திகதி நடுவே மாறுகிறது. எதிர்பார்ப்பு: ஏற்பு. குறுஞ்செய்தியில் காட்டும் காலாவதி நேரம் 5.35 ஆக இருக்க வேண்டும், முந்தைய இரவு 12.05 ஆக அல்ல.

மீ-06. தமிழ்க் குறுஞ்செய்தி. தமிழில் ஒரு செய்திக்கு 70 யுனிகோட் குறியீடுகள்தான் கொள்ளும், மீறினால் துண்டுகளாகும். எதிர்பார்ப்பு: குறியீடு செய்தியின் தொடக்கத்திலேயே இருக்கும். சிங்களத்திலும் இவ்வாறே. ஆங்கிலத்தில் சரியாக வந்தது என்று மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டாம்.

மீ-07. தற்போதைய கடவுச்சொல்லையும் அதற்கு முந்தைய இரண்டையும் வைக்க முயலவும்: மூன்றும் மறுப்பு. நான்காவது பழையது: ஏற்பு.

மீ-08. கைப்பேசி இலக்கத்தை மாற்றிவிட்ட வாடிக்கையாளர். குறியீடு பழைய இலக்கத்துக்கே போகும், மாற்றுவழி தளத்தில் இல்லை. எதிர்பார்ப்பு: கிளைக்கு அடையாள அட்டையுடன் வருமாறு மூன்று மொழியிலும் தெளிவான அறிவிப்பு. இலக்கத்தைத் தொலைபேசி அழைப்பில் மாற்றிக்கொடுக்கும் வசதி உதவி மையத் திரையில் எங்காவது இருந்தால், வெளியீட்டை நிறுத்தும் குறையாகப் பதியவும்.