காப்பித்தூள் விலை மார்ச் 1 முதல் உயர்கிறது

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் 2025 மார்ச் 1, சனிக்கிழமை முதல், சிக்கரி கலக்காத காப்பித்தூளின் விலை கிலோ 900 ரூபாயிலிருந்து 1,040 ரூபாயாகிறது. பெரும்பாலானவர்கள் வாங்கும் 80:20 கலவை 760 ரூபாயிலிருந்து 870 ஆகிறது. 60:40 கலவை 620 ரூபாயிலிருந்து 705 ஆகிறது. மாதச் செலவில் இது தெரியாமல் போகிற உயர்வு அன்று. அதனால் காரணத்தையும் கணக்கையும் சொல்லிவிடுகிறோம்.

பிரேசிலில் கடந்த ஆண்டு கடும் வறட்சி. வியட்நாமிலும் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது. உலகக் காப்பியில் பெரும்பங்கு இந்த இரு நாடுகளிலிருந்துதான் வருகிறது. நம் குடகிலும் சிக்கமகளூரிலும் விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால், வெளிநாட்டு விலையே இங்கும் விலை. நாங்கள் வாங்கும் பச்சைக் கொட்டை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறியிருக்கிறது. வறுக்கும்போது ஈரம் போய் எடை குறைவதால், ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 1,200 கிராம் கொட்டை வேண்டும். ஆகவே உயரும் 140 ரூபாயில் 120 ரூபாய் கொட்டைக்கே போகிறது. மீதி 20 ரூபாய், எங்கள் வறுவல் கூடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்திருக்கும் கூலி உயர்வுக்கு. அதையும் கொட்டையின் கணக்கில் சேர்த்துச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

விலையை ஏற்றாமல் சமாளிக்கவும் வழி இருந்தது. சிக்கரியைக் கூட்டலாம், சட்டப்படி கலவையில் 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும். அரைக்கிலோ பொட்டலத்தை 450 கிராம் ஆக்கலாம். பீபெரியைக் குறைத்து மலிவான கொட்டையைச் சேர்க்கலாம். இவற்றில் எதையும் செய்யவில்லை, செய்யவும் மாட்டோம். டிகாக்ஷன் இறங்கும் திடமும் மணமும் நீங்கள் பழகியபடியே இருக்கும்.

இனி ஏறவே ஏறாது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கொட்டை விலை இறங்கி, தொடர்ந்து இரண்டு மாதம் அப்படியே நின்றால், தூளின் விலையையும் குறைப்போம். அதையும் இதே பலகையில் எழுதுவோம்.

திருமணத்துக்கும் மற்ற விசேஷங்களுக்கும் ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான், மார்ச் மாதத்தில் வாங்கிக்கொண்டாலும் சரி. செலவைக் குறைக்க விரும்புபவர்கள் 70:30 கலவையை 100 கிராம் வாங்கிப் பார்க்கலாம்; கிலோ 785 ரூபாய். நிறம் சற்றுக் கூடும், காப்பியின் மணம் சற்றுக் குறையும். பிடித்தால் மட்டும் மாறுங்கள்.

பிப்ரவரி 28 வரை பழைய விலையிலேயே வாங்கலாம். என்றாலும் நான்கைந்து கிலோவாக வாங்கி அடுக்கிவிடாதீர்கள். அரைத்த தூள் இரண்டு வாரத்துக்கு மேல் மணத்தை இழக்கத் தொடங்கும். வீட்டில் அரவை இயந்திரம் இருந்தால் வறுத்த கொட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள், அது இன்னும் சில வாரம் தாங்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்