ஞாயித்துக்கிழமை இண்டர்வியூக்கு வந்த செல்வி, சாயங்கால ஷிப்ட் பில்லிங் வேலை

வணக்கம்ங்க மேடம். நான் செல்வி. ஞாயித்துக்கிழமை காலையில 11 மணி வாக்குல கிராஸ்கட் ரோடு கடைக்கு வாக்-இன் வந்திருந்தேன். பச்சை சுடிதார், பி.காம் ரெண்டாவது வருஷம், சுந்தராபுரத்துல இருந்து வர்றேன்னு சொன்னேன். அன்னிக்கு பத்துப் பதினஞ்சு பேர் வரிசையில நின்னாங்க. அத்தனை கூட்டத்துலயும் உட்கார வெச்சு நிதானமாப் பேசுனீங்க, ரொம்ப நன்றிங்க.

புதன்கிழமைக்குள்ள கூப்பிடுறோம்னு சொன்னீங்க. அவசரப்படுத்தறதுக்காக எழுதலைங்க. நீங்க கேட்ட ஒரு கேள்விக்கு நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்ததுல இருந்து அதுவே மனசுல ஓடிட்டு இருக்கு.

"பாக்கெட்ல 110 ரூபாய் அச்சாயிருக்கு, ஸ்கேன் பண்ணா 118 காட்டுது, கஸ்டமர் சத்தம் போடுறார், என்ன பண்ணுவே?"ன்னு கேட்டீங்க. சிஸ்டத்துல வர்ற விலைதான்னு எடுத்துச் சொல்லுவேன்னு சொன்னேன். அது சரியில்லைங்க. அச்சடிச்ச எம்.ஆர்.பி.க்கு மேல ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. கஸ்டமர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு 110க்கே பில் போட்டுக் கொடுக்கணும். அதோட விட்டாலும் பத்தாது. பழைய சரக்கு ரேக்ல இருக்கும்போதே புது சரக்கோட விலையை சிஸ்டத்துல ஏத்திருந்தா இப்படி ஆகும். அந்த ரேக்ல இன்னும் எத்தனை பழைய பாக்கெட் இருக்குன்னு அப்பவே பார்க்கச் சொல்லணும். இல்லேன்னா பத்து நிமிஷத்துல அடுத்த கஸ்டமர் அதே பாக்கெட்டோட வந்து நிப்பார்.

எங்க மாமா மளிகைக் கடையில நான் ரெண்டு வருஷம் நின்னிருக்கேன். 2025 செப்டம்பர் 22ல ஜி.எஸ்.டி. குறைஞ்சப்போ சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் எல்லாம் 18 சதவீதத்துல இருந்து 5க்கு வந்துச்சு. டப்பாவுல பழைய விலை, வாங்கறவங்க கேக்கறது புது விலை. நானும் அத்தையும் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு அயிட்டத்துக்கும் புது விலையை நோட்டுல எழுதி வெச்சோம். இவ்வளவு தெரிஞ்சும் அன்னிக்கு பதட்டத்துல வாயில வரலைங்க.

இன்னொண்ணு. உங்க ரூமுக்கு வெளிய உட்கார்ந்திருந்தப்போ ரெண்டாவது கவுண்டரைப் பார்த்துட்டே இருந்தேன். ஒரு எண்ணெய் பாக்கெட் கசிஞ்சு பார்கோடு மேல பிசுபிசுன்னு இருந்துச்சு, ஸ்கேனர் எடுக்கவே இல்லை. அந்த அண்ணன் துணியால துடைச்சு நாலு தடவை காட்டிப் பார்த்தார். அப்புறம் கீழ இருக்கற 890ல ஆரம்பிக்கற 13 நம்பரையும் கையாலயே அடிச்சார். பின்னாடி ஆறு பேர் நின்னாங்க, அவர் முகம் மாறவே இல்லை. அந்த நிதானத்தைக் கத்துக்கணும்னு எனக்கு நெஜமாவே ஆசையா இருக்குங்க. நம்பர் அடிக்கறதுல எனக்கு வேகம் உண்டு. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கேன்.

நேரம் பத்திக் கேட்டீங்கல்ல, வீட்ல பேசிட்டேன். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சாயங்காலம் 4:30ல இருந்து 9:30 வரைக்கும் வர முடியும். சனி, ஞாயிறு எந்த ஷிப்ட் போட்டாலும் சரி. தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரமும் லீவு கேக்க மாட்டேன். நவம்பர்ல செமஸ்டர் பரீட்சை வரும், அந்த நாள்ல மட்டும் ஷிப்ட் மாத்தித் தர வேண்டியிருக்கும். டைம்டேபிள் வந்த அன்னிக்கே கொண்டுவந்து காட்டிடறேன். சேர்ந்ததுக்கு அப்புறம் சொல்றதைவிட இப்பவே சொல்லிடறது நல்லதுன்னு தோணுச்சுங்க.

ராத்திரி 8 மணிக்கு மேல வேலை பார்க்கறதுக்கு எழுத்துல சம்மதம் வேணும்னு சொன்னீங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன், போட்டோவும் இதோட அனுப்பியிருக்கேன். வர்றப்போ டவுன் பஸ்ல வந்துடுவேன், டிக்கெட் செலவு இல்லை. திரும்பறப்போ அண்ணன் கடை வாசலுக்கே வண்டியில வந்து கூட்டிட்டுப் போவார்.

அன்னிக்குக் கேக்க விட்டுப்போனது ரெண்டு இருக்குங்க. மணிக்கு 75 ரூபாய்னு சொன்னீங்க. நடுவுல 20 நிமிஷம் டீ பிரேக் அந்தக் கணக்குல சேருமா, கழிச்சிடுவீங்களா? ஷிப்ட் முடிஞ்சு கல்லா கணக்கு டேலி ஆகற வரைக்கும் நிக்கற நேரத்துக்கும் உண்டா? எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். மாசம் எவ்வளவு வரும்னு வீட்ல கேக்கறாங்க, காலேஜ் பீஸ் அதுல இருந்துதான் கட்டணும்.

ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ எல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஒரு நாள் ட்ரையல் பார்க்கணும்னாலும் நாளைக்கு சாயங்காலமே வர்றேன். மதியம் 1:30 வரைக்கும் கிளாஸ்ல இருப்பேன், போன் எடுக்க முடியாது. வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டீங்கன்னா வெளிய வந்ததும் கூப்பிடறேன்.

வேற ஆளை எடுத்துட்டீங்கன்னாலும் சொல்லிடுங்க மேடம், சங்கடப்பட வேண்டாம். தீபாவளி கூட்டத்துக்குக் கூடுதலா ஆள் தேவைப்பட்டா இதே நம்பருக்குக் கூப்பிடுங்க.

நன்றிங்க,
செல்வி
சுந்தராபுரம்